அப்பாவின் இதய ஆபரேஷனுக்கு உதவி கேட்டு எழுதிய கடிதம்: கணக்கு சரியா, பார்த்துச் சொல்லுங்கள்

இரவுப்பணி

இங்கே பணம் கேட்க வரவில்லை. நிதி திரட்டும் தளத்தில் போடுவதற்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். போடுவதற்கு முன்னால் நாலு பேர் கண்ணில் பட்டால் நல்லது என்று தோன்றியது.

அப்பாவுக்கு 66 வயது, எலெக்ட்ரீஷியன். கொஞ்ச நாளாகப் படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஒருமுறை ஏணியில் நிற்கும்போதே கண் இருட்டிவிட்டது. எக்கோ எடுத்ததில் இதயத்திலிருந்து ரத்தம் வெளியே போகிற பெருந்தமனி வால்வு சுருங்கிப்போயிருப்பது தெரிந்தது. திறப்பு 0.8 சதுர சென்டிமீட்டர்தான். ஆஞ்சியோவில் ஒரு ரத்தக்குழாயில் அடைப்பும் இருந்தது. நெஞ்சைத் திறந்து வால்வை மாற்ற வேண்டும், கூடவே ஒரு பைபாஸ், சில வாரங்களைத் தாண்ட விடாதீர்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

இங்கே பல நாட்டுக்காரர்கள் இருப்பதால், மருத்துவமனை கொடுத்த மதிப்பீட்டை 1000 என்று வைத்துக்கொண்டு மற்ற தொகைகளை அதே விகிதத்தில் எழுதுகிறேன். தளத்தில் உண்மையான தொகைதான் இருக்கும். கடிதம் இது:

> என் தந்தையின் உயிரைக் காப்பாற்ற 1000 தேவை. எங்களால் 250தான் புரட்ட முடிந்தது. ஒவ்வொரு நொடியும் அவர் மரணத்தோடு போராடுகிறார். மீதி 750க்கு உங்கள் கருணையை எதிர்பார்த்துக் கண்ணீரோடு நிற்கிறோம்.

அப்பா படித்துவிட்டு, "நான் போராடவும் இல்லை, நீ அழவும் இல்லை. வாங்கப் போற காசுக்கு ஒழுங்கா கணக்கு எழுது" என்றார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கிற படம் போடவும் சம்மதிக்கவில்லை. அவருக்கு என்ன நோய் என்று எழுதலாம், பெயரைப் போடலாம், முகமும் தெரியலாம், ஆனால் வேலைக்குப் போகிற சட்டையோடு எடுத்த படம்தான் என்பது அவருடைய நிபந்தனை. அதற்கு நானும் சரி என்றேன். கணக்கை எப்படி எழுதுவது என்பதுதான் கேள்வி.

முகிலன்77

தம்பி, அவசரப்படாதே. என் மாமாவுக்கும் அடைப்புதான். ஸ்டென்ட் வைத்து மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். நெஞ்சைத் திறக்கவே இல்லை, செலவும் கால்வாசிதான். வேறு டாக்டரிடம் காட்டிப் பார்.

பில்கவுண்டர்

முகிலன், உங்கள் மாமாவுக்கு இருந்தது ரத்தக்குழாய் அடைப்பு. இவருக்குப் பிரச்சினை வால்வில், ஸ்டென்ட் அங்கே உதவாது. தொடை ரத்தக்குழாய் வழியாக வால்வு வைக்கும் முறை ஒன்று இருக்கிறது. அது இவருக்குப் பொருந்துமா என்பதை எக்கோவும் சி.டி. ஸ்கேனும் பார்த்த டாக்டர்கள்தான் சொல்ல வேண்டும். 1.0க்குக் கீழே போன வால்வு, அதோடு கண் இருட்டல் என்றால் தள்ளிப்போடுகிற விஷயமே இல்லை. இரண்டாவது கருத்து கேட்பதென்றால் இந்த வாரமே கேட்கட்டும்.

இரவுப்பணி, நான் ஒரு மருத்துவமனையின் பில்லிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மதிப்பீட்டுத் தாளின் இரண்டாம் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "பேக்கேஜில் அடங்காதவை" என்று சின்ன எழுத்தில் ஒரு பட்டியல் இருக்கும். அப்புறம், இன்ஷூரன்ஸ் இருக்கிறதா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே.

கூட்டல்கழித்தல்

பேக்கேஜ் என்றாலே மொத்தத் தொகை முடிந்த விஷயம்தான், அதற்கு மேல் ஒரு பைசா கேட்க மாட்டார்கள். 750 சரிதான். தளத்தின் கட்டணத்தை மட்டும் மேலே சேர்த்துக்கொள்ளுங்கள். 8 சதவீதம் என்றால் 60. ஆக 810.

இரவுப்பணி

இரண்டாம் பக்கத்தை இப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். ஆபரேஷன் பேக்கேஜ் 780, வால்வு 220. பேக்கேஜில் மொத்தம் 7 நாள், அதில் ஐசியு 2 நாள். அதற்கு மேல் போனால் ஐசியு நாளொன்றுக்கு 25, வார்டு நாளொன்றுக்கு 8. கூடுதலாக ரத்தம் ஏற்றினாலோ டயாலிசிஸ் செய்தாலோ 'ஆக்சுவல்ஸ்', அதாவது ஆகிற செலவு அப்படியே என்று போட்டிருக்கிறார்கள். ஆபரேஷனுக்கு முன் பல் பரிசோதனை, வீட்டுக்கு வந்தபின் மருந்து, இரண்டும் சேராது.

இன்ஷூரன்ஸ் உண்டு. உச்சவரம்பு 300. ஆனால் இந்த மருத்துவமனை அவர்கள் பட்டியலில் இல்லை. முதலில் நாம் கட்டிவிட்டுப் பின்னால் பில் அனுப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். எவ்வளவு வரும், எப்போது வரும் என்று தெரியாததால்தான் எழுதவில்லை. அத்தை 100 தருவதாகச் சொல்லியிருக்கிறார், திருப்பித் தர வேண்டாம் என்கிறார்.

சந்தேகப்பிராணி

நான் இந்த மாதிரித் தளங்களில் அவ்வப்போது பணம் போடுகிறவன். எங்கே போடாமல் நகர்ந்துவிடுவேன் என்று சொல்கிறேன். "750 தேவை" என்று பார்த்துவிட்டுப் பணம் போடுகிறேன். மூன்று மாதம் கழித்து 300 இன்ஷூரன்ஸ் வருகிறது. அது யார் பணம்? நான் உங்களைத் திருடன் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குக் கடிதத்தில் பதில் இல்லாவிட்டால், நான் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன்.

பில்கவுண்டர்

கேள்வி என்றால் இதுதான். அழுகிறாரா இல்லையா என்பதெல்லாம் இரண்டாம் பட்சம்.

இங்கே இரண்டு கணக்கு இருக்கிறது, கடிதத்தில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டது. கடைசியில் நம் கையை விட்டுப் போகிற பணம் எவ்வளவு என்பது ஒன்று. டிஸ்சார்ஜ் நாளன்று கையில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. இன்ஷூரன்ஸ் பின்னால் வருவதாக இருந்தால் இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி விழும்.

உங்கள் எண்களையே வைத்துப் போடுகிறேன். மருத்துவமனைக்கு 1000. பல் பரிசோதனைக்கு 10, மூன்று மாத மருந்துக்கும் மறுபரிசோதனைக்கும் 40 என்று வையுங்கள். மொத்தம் 1050. உங்கள் சேமிப்பு 250, அத்தை 100, ஆக 350 இருக்கிறது. டிஸ்சார்ஜ் நாளுக்குள் 700 தேவை. ஆனால் அதில் 300 திரும்பி வரும் பணம். ஊரார் உண்மையில் தர வேண்டியது 400தான்.

அந்த 300ஐயும் நன்கொடையாகக் கேட்டால் திரும்பி வரும்போது உங்களுக்குத் தலைவலி. கைமாற்றாக யாரிடமாவது புரட்ட முடிந்தால் கேட்க வேண்டியது 400ஓடு நிற்கும். அப்பாவிடம் வழக்கமாக வேலை கொடுக்கிற காண்ட்ராக்டர் யாராவது இருந்தால் முதலில் அவரிடம் கேளுங்கள். இன்ஷூரன்ஸ் பணம் வந்ததும் நேராக அவருக்குத்தான் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கூட்டல்கழித்தல், பேக்கேஜ் பற்றி நீங்கள் சொன்னது எல்லாம் நல்லபடியாகப் போனால் சரி. ஆனால் வால்வு ஆபரேஷன் முடிந்த இரண்டாம், மூன்றாம் நாளில் துடிப்பு தாறுமாறாகிறது அடிக்கடி நடக்கிற சமாச்சாரம். பெரும்பாலும் மருந்திலேயே அடங்கிவிடும். ஆனால் அதற்காக இரண்டு நாள் கூடுதலாக வைத்துப் பார்ப்பார்கள். அந்த இரண்டு நாள் பேக்கேஜுக்கு வெளியே.

கூட்டல்கழித்தல்

சரி, 400 என்றே வைத்துக்கொள்வோம். 8 சதவீதம் சேர்த்தால் 432.

பில்கவுண்டர்

432இல் தளம் 8 சதவீதம் பிடித்தால் கைக்கு வருவது 397 சொச்சம். பிடித்தம் மொத்தத்தில்தானே நடக்கிறது! 400ஐ 0.92ஆல் வகுங்கள், 435 வரும். சின்ன வித்தியாசம்தான், விடுங்கள். ஆனால் கேட்கிற தொகையில் 35 தளத்துக்குப் போகிறது என்பதைக் கடிதத்தில் எழுத வேண்டும். பணம் போடுகிறவருக்கு அது தெரிந்திருப்பது நல்லது.

தங்கமீன்

என் அண்ணனுக்கு இரண்டு வருடத்துக்கு முன் பைபாஸ். நாங்களும் இப்படித்தான் திரட்டினோம். மதிப்பீட்டுத் தொகையை அப்படியே போட்டு "முழுச் சிகிச்சைச் செலவு" என்று எழுதினோம். வந்துவிட்டது. ஆறாம் நாள் நெஞ்சுத் தையலில் சீழ் பிடித்து, மறுபடி திறந்து கழுவி, மொத்தம் 24 நாள். இரண்டாவது முறை கேட்டபோது பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. "முழுச் செலவு என்று சொன்னீர்களே" என்று ஒருவர் கீழேயே கேட்டுவிட்டார். பதில் எழுத அண்ணிக்குக் கை வரவில்லை. கடைசியில் நிலப் பத்திரத்தை வைத்துத்தான் கட்டினோம்.

அதனால் என் கருத்து, முதலிலேயே 100 கூடக் கேட்டுவிடுங்கள். தேவைப்படாவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம்.

சந்தேகப்பிராணி

தங்கமீன், உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் "இருக்கட்டும்" என்று கூடக் கேட்கிற கடிதத்தைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். திருப்பித் தருகிறேன் என்பவர்களில் எத்தனை பேர் தருகிறார்கள்?

பில்கவுண்டர்

திருப்பிக் கொடுப்பது அவ்வளவு சுலபமும் இல்லை. பணம் தளத்திலேயே இருக்கும்வரை போட்டவருக்குத் திருப்ப வழி இருக்கும். ஒருமுறை எடுத்துவிட்டால், நூற்றுக்கணக்கான பேருக்குச் சின்னச் சின்னத் தொகையாக யார் அனுப்புவது? அதனால் எடுக்கும்போதே மருத்துவமனைக் கணக்குக்கு நேராக, நோயாளி எண்ணைப் போட்டு, பில் வர வர எடுங்கள். முழுதையும் முதல் நாளே எடுக்க வேண்டாம்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது, வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. முன்பணமாக 1000 கட்டி, கடைசி பில் 940 வந்தால் மீதி 60ஐ மருத்துவமனை திருப்பித் தரும். யாருக்கு? கட்டியது தளமாக இருந்தாலும், பல இடங்களில் நோயாளி பெயருக்கோ அவர் வீட்டாருக்கோ காசோலை போட்டுவிடுவார்கள். யாரும் திருடவில்லை, ஆனால் அந்த 60 சத்தமில்லாமல் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும். முன்பணம் கட்டும்போதே, "மீதி இருந்தால் பணம் வந்த வழியிலேயே திரும்ப வேண்டும்" என்று கேஷ் கவுண்டரில் எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். முடியாது என்றால், வருகிற மீதி எங்கே போகும் என்பதைக் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள்.

சிக்கல் வந்தால் ஆகிற செலவுக்கு நான் நடுவழி சொல்வேன். இலக்கு 435தான். அதன் கீழேயே, 7 நாளைத் தாண்டினால் ஒரு நாளைக்கு என்ன ஆகும் என்ற விலையை இப்போதே எழுதிவிடுங்கள். தாண்டினால் இடைக்கால பில்லைப் போட்டு இலக்கை உயர்த்துங்கள். உயர்த்துவதைப் பின்னால் செய்துகொள்ளலாம்.

தங்கமீன்

உயர்த்தலாம் சார், வர வேண்டுமே. நான் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

இரவுப்பணி

அந்தக் காண்ட்ராக்டரிடம் பேசினேன். 300 தருகிறார், வட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இன்ஷூரன்ஸில் கையுறை, டியூப் மாதிரிச் சாமான்களைக் கழித்துக்கொண்டு 260தான் வந்தாலும் மிச்ச 40ஐ நான் சம்பளத்தில் அடைத்துவிடுவேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். நெஞ்செலும்பு சேர 6 முதல் 12 வாரம் ஆகும், அதுவரை எடை தூக்கக் கூடாது, கையைத் தலைக்கு மேல் வைத்து வேலை செய்யக் கூடாது என்கிறார்கள். எலெக்ட்ரீஷியனுக்கு அதுதானே வேலையே. மூன்று மாதம் அவர் வருமானம் இல்லை. வாடகை, அரிசி பருப்புச் செலவை இதில் சேர்க்கலாமா?

கூட்டல்கழித்தல்

தாராளமாகச் சேர்க்கலாம். வருமானம் போனதும் நோயால் வந்த செலவுதானே.

சந்தேகப்பிராணி

சேர்க்காதீர்கள். ஆபரேஷனுக்கு பில் உண்டு, வாடகைக்கு என்ன காட்டுவீர்கள்? ஒரு வரி சந்தேகத்துக்கு இடம் கொடுத்தால் மொத்தக் கடிதத்தையும் சந்தேகமாகத்தான் படிப்பார்கள்.

தங்கமீன்

வாடகைக்கும் ரசீது உண்டு. வீட்டில் சாப்பாடு இல்லாமல் ஆபரேஷன் மட்டும் செய்துகொண்டு வந்து என்ன பண்ணுவது? எழுதுகிற விதத்தில் எழுதினால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

பில்கவுண்டர்

இதில் எனக்கு உறுதியான கருத்து இல்லை. சேர்ப்பதானால் தனி வரியாகத் தொகையோடு இருக்கட்டும், மருத்துவச் செலவில் மறைத்து வைக்காதீர்கள். சேர்க்காவிட்டாலும் அதை எப்படிச் சமாளிக்கப் போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்.

தாள்களைப் படம் எடுத்துப் போடும்போது ஒரு எச்சரிக்கை. மருத்துவமனைப் பெயர், தேதி, தொகை, கையெழுத்து தெரியட்டும். நோயாளி எண், பிறந்த தேதி, முகவரி, பாலிசி எண், பார்கோடு எல்லாவற்றையும் மறையுங்கள். செல்போனில் ஹைலைட்டர் பேனாவால் கறுப்பு தீட்டினால் போதாது, படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் இருப்பது தெரிந்துவிடும். கெட்டியான கட்டம் போட்டு மறைத்து, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுங்கள். இந்தத் தாள்களைத் திருடி வேறு கணக்கு எண்ணோடு போலிக் கடிதம் போடுகிற கூட்டம் இருக்கிறது. அதனால் "இந்தப் பக்கத்தைத் தவிர வேறெங்கும் நாங்கள் கேட்கவில்லை" என்று ஒரு வரி சேருங்கள்.

யாராவது மருத்துவமனைக்கு போன் போட்டுக் கேட்டால் அவர்கள் நோயாளி விவரம் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. சந்தேகப்பிராணி மாதிரி ஆட்கள் கேட்பார்கள். அங்கே சமூகப் பணியாளர் இருந்தால், அப்பா அவரிடம் சம்மதக் கடிதம் கொடுத்து வைக்கலாம். "இவர் எங்கள் நோயாளி, மதிப்பீடு உண்மை" என்பது வரைக்கும் சொன்னால் போதும்.

இரவுப்பணி

மாற்றி எழுதியது கீழே. கடைசிப் பத்திக்கு முந்தினதை அப்பாதான் எழுதச் சொன்னார். நான் அதை எழுதாமல் விட்டிருந்தேன்.

> என் அப்பாவுக்கு 66 வயது, எலெக்ட்ரீஷியன். அவருடைய இதயத்தின் பெருந்தமனி வால்வு மிகவும் சுருங்கிவிட்டதால் அதை மாற்றி, ஒரு பைபாஸும் செய்ய வேண்டும். சில வாரங்களுக்குள் செய்துவிட வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அப்பாவின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.
>
> மருத்துவமனை மதிப்பீடு 1000 (ஆபரேஷன் 780, வால்வு 220). பல் பரிசோதனை, மூன்று மாத மருந்து, மறுபரிசோதனைக்கு 50. மொத்தம் 1050. எங்கள் சேமிப்பு 250, உறவினர் தந்தது 100. இன்ஷூரன்ஸில் 300 வரை பின்னால் வரும். அதுவரைக்கும் அந்த 300ஐ ஒருவரிடம் கைமாற்றாக வாங்கியிருக்கிறோம், இன்ஷூரன்ஸ் பணம் அவருக்கே போகும், குறைந்தால் மிச்சத்தை நான் அடைப்பேன். மீதி 400. தளத்தின் கட்டணம் 35. அதனால் நாங்கள் கேட்பது 435.
>
> மருத்துவமனைக்கான பணம் நேராக அவர்கள் கணக்குக்குப் போகும், மருந்துக்கான 50 மட்டும் என் கைக்கு வரும், ரசீது இங்கே போடுவேன். கடைசி பில்லும் இங்கேயே வரும். இலக்கு நிறைந்த அன்றே பணம் வாங்குவதை நிறுத்திவிடுவேன். பேக்கேஜ் 7 நாளுக்கு. அதற்கு மேல் போனால் ஐசியு நாளுக்கு 25, வார்டு நாளுக்கு 8. அப்படி நேர்ந்தால் மட்டும் இடைக்கால பில்லோடு இலக்கை உயர்த்துவேன். பணம் மிஞ்சினால் அதே மருத்துவமனையின் ஏழை நோயாளி நிதிக்குக் கொடுத்து ரசீது போடுவேன்.
>
> ஆபரேஷனுக்கு முன்போ, ஆபரேஷனிலோ அப்பா இறந்துவிட்டால், அதுவரை வந்த பில்லை மட்டும் கட்டுவோம். தளத்தில் எடுக்காமல் இருக்கும் பணம் போட்டவர்களுக்கே திரும்பும். ஈமச் செலவுக்கு இதிலிருந்து எடுக்க மாட்டோம்.
>
> அப்பா மூன்று மாதம் வேலைக்குப் போக முடியாது. வீட்டுச் செலவு என் சம்பளத்தில் நடக்கும், அதற்காக இங்கே கேட்கவில்லை. இந்தப் பக்கத்தைத் தவிர வேறெங்கும் நாங்கள் பணம் கேட்கவில்லை.

சந்தேகப்பிராணி

இதற்கு நான் போடுவேன். பக்கம் திறந்ததும் தனிச்செய்தியில் முகவரி அனுப்புங்கள்.

தங்கமீன்

நன்றாக இருக்கிறது. ஆனாலும் அந்த 7 நாள் வரியைக் கொஞ்சம் மேலே, தொகைக்குப் பக்கத்திலேயே கொண்டுவாருங்கள். அவ்வளவு கீழே இருந்தால் யாரும் படிக்க மாட்டார்கள், பின்னால் உங்களைத்தான் கேட்பார்கள். வீட்டுச் செலவை விட்டது எனக்கு இன்னும் சரியாகப் படவில்லை.

முகிலன்77

தம்பி, எந்த வால்வு வைக்கிறார்கள்? உலோக வால்வு என்றால் ஆயுள் முழுக்க மாத்திரை, ரத்தப் பரிசோதனை எல்லாம் உண்டு என்று மாமாவோடு வார்டில் இருந்தவர் சொன்னார். அந்தச் செலவு மூன்று மாதத்தோடு முடியாதே.

பில்கவுண்டர்

முகிலன் இந்த முறை சரியாகப் பிடித்துவிட்டார். உலோக வால்வு என்றால் வார்ஃபரின் மாத்திரையும், ரத்தம் உறையும் அளவு பார்க்கிற ஐ.என்.ஆர். பரிசோதனையும் கடைசிவரை உண்டு. விலங்குத் திசுவில் செய்த வால்வு என்றால் பெரும்பாலும் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அது பத்துப் பதினைந்து வருடத்தில் தேயலாம். 66 வயதுக்குத் திசு வால்வைத்தான் அதிகம் வைப்பார்கள். மதிப்பீட்டில் உள்ள 220 எந்த வால்வுக்கு என்று கேளுங்கள்.

இரவுப்பணி

திசு வால்வுதான், தாளில் மாடல் பெயரோடு இருக்கிறது. கடிதத்திலும் சேர்த்துவிடுகிறேன். 7 நாள் வரியையும் மேலே ஏற்றிவிட்டேன். நாளைக்குக் காலை பக்கத்தைத் திறக்கிறேன்.

பில்கவுண்டர்

பல் டாக்டரிடம் போயாச்சா? சொத்தைப் பல்லில் கிருமி இருந்தால் அது புது வால்வில் போய் உட்காரும் என்று ஆபரேஷனையே தள்ளிவைத்துவிடுவார்கள். தேதி குறித்து, முன்பணமும் கட்டியபின் அதனால் தள்ளிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தை மத்தியானம்கூடத் திறந்துகொள்ளலாம், காலையில் முதலில் அங்கே போங்கள்.